பணி நிறைவு நாளில் ஒரு மின்னஞ்சல்

பணி நிறைவு பெறும் ஆசிரியர் உடன் பணியாற்றியவர்களுக்கு அனுப்பும் விடைபெறும் மின்னஞ்சல் 150 சொற்களுக்குள் முடிந்துவிடக்கூடியது. கைபேசியில் இரண்டு முறை விரலால் தள்ளினால் கடைசி வரி வந்துவிட வேண்டும். இவ்வளவு சிறியதை எழுதுவதற்குப் பலர் ஒரு வாரம் தவிக்கிறார்கள். சிலர் எழுதத் தொடங்கி, மூன்று பக்கம் போன பிறகு அனுப்பாமலே விட்டுவிடுகிறார்கள்.

தவிப்புக்கு முதல் காரணம், இந்த மடலின் வேலை என்ன என்பது தெளிவாக இல்லாததுதான். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஓய்வு பெறுபவருக்குப் பாராட்டு விழா நடக்கும். பொன்னாடை, சந்தன மாலை, நினைவுப் பரிசு, வாழ்த்துரைகள், கடைசியில் அவரது ஏற்புரை, பிறகு விருந்து. பணி வரலாறு, சாதனைகள், குடும்பத்தாருக்கு நன்றி, மாணவர்களுக்கு அறிவுரை எல்லாம் அந்த மேடையில் சொல்லியாகிவிடும். மின்னஞ்சலுக்கு மிச்சமிருப்பவை மூன்றே விஷயங்கள்: எந்த நாளோடு போகிறார், எதற்காக நன்றி சொல்கிறார், இனி அவரை எங்கே காணலாம். ஏற்புரையை மறுபடி மடலில் எழுதப் புகும்போதுதான் அது மூன்று பக்கமாகிறது.

அதை எப்போது அனுப்புவது என்பதில் ஆசிரியர்களுக்கு மற்ற அலுவலர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாடு அரசுப் பணியில் ஓய்வு வயது 2020-இல் 58-லிருந்து 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்ந்தது. வயது நிறைவடையும் மாதத்தின் கடைசி நாளில் பணி முடிகிறது. ஆனால் ஆசிரியரின் வயது கல்வியாண்டின் நடுவில் நிறைவடைந்தால் பாடம் பாதியில் நின்றுவிடக் கூடாது என்பதற்காக, அவர் கல்வியாண்டின் இறுதிவரை மறுநியமனத்தில் தொடரும் வழக்கம் உண்டு. அப்படித் தொடர்பவர் பள்ளியை விட்டுப் போகும் நாள் மே 31 ஆகவும் இருக்கலாம். அன்று பள்ளியில் யாரும் இருக்க மாட்டார்கள். கோடை விடுமுறையில் பாதிப் பேர் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள். நேரில் சொல்லிக்கொண்டு போக ஆளில்லாத நாளில் பணி முடிவதால்தான், எழுத்தில் விடைபெறுவது ஆசிரியர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே தேவைப்படுகிறது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு வேதியியல் முதுகலை ஆசிரியையைக் கற்பனை செய்துகொள்ளலாம். அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி. 1996-இல் சேர்ந்தவர். 2024 அக்டோபரில் 60 வயது நிறைவடைந்தது. மறுநியமனத்தில் 2025 மே 31 வரை இருக்கிறார். ஆசிரியர்களும் அலுவலகப் பணியாளர்களுமாக அந்தப் பள்ளியில் 40 பேர்.

அவருடைய ஏப்ரல் மாதத்தைப் பார்த்தால் நாள் குறிப்பது எவ்வளவு கடினம் என்பது தெரியும். பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச்சில் முடிந்ததும் முதுகலை ஆசிரியர்கள் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போய்விடுகிறார்கள். வேறொரு பள்ளியில், காலை ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு என்று நாட்கள் கழிகின்றன. முகாம் முடிந்து திரும்பும்போது கீழ் வகுப்புகளின் ஆண்டுத் தேர்வும் தேர்ச்சிப் பட்டியலும் காத்திருக்கின்றன. எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் நாள் அநேகமாகப் பள்ளியின் கடைசி வேலைநாள் ஒன்றுதான். மடல் அன்று மாலை போய்ச் சேர்ந்தால் படிப்பவர் பேருந்தில் இருப்பார். எழுந்து வந்து ஒரு வார்த்தை பேச முடியாது. முதல் நாள் மாலையோ அன்று காலையோ அனுப்பினால், மதிய இடைவேளையில் நாலு பேராவது ஆய்வகத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். ஒரு வாரம் முன்னதாக அனுப்புவதும் சரியில்லை. விடைபெற்ற பிறகும் ஆறு நாள் அதே அறையில் உட்கார்ந்திருப்பது எல்லோருக்கும் சங்கடம்.

அந்த ஆசிரியை எழுதும் முதல் வரைவு பெரும்பாலும் எப்படி இருக்கும் என்பதை ஊகிப்பது எளிது. ஒரு திருக்குறளில் தொடங்கும். பிறந்த ஊர், படித்த கல்லூரி, முதல் பணியிடம் என்று வரிசையாக வரும். தலைமையாசிரியர் முதல் காவலாளி வரை பெயர் சொல்லி நன்றி. தன் பாடத்தில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி கிடைத்த ஆண்டுகள். இளம் ஆசிரியர்களுக்கு இரண்டு பத்தி அறிவுரை. இறுதியில், அறிந்தும் அறியாமலும் யார் மனத்தையாவது புண்படுத்தியிருந்தால் மன்னிக்கும்படி ஒரு வேண்டுகோள்.

இதில் எதுவும் தவறில்லை. ஆனாலும் ஒவ்வொன்றையும் எடுத்துவிடலாம். ஊரும் கல்லூரியும் உடன் பணியாற்றியவர்களுக்குத் தெரியும். தேர்ச்சி விகிதத்தை அவரே சொல்லும்போது, பக்கத்து மேசையில் அதே ஆண்டு அதே வகுப்புக்கு இயற்பியல் எடுத்தவர் தன் விகிதத்தை நினைத்துப் பார்ப்பார். அறிவுரை கேட்காதவர்களுக்கும் சேர்த்துப் போகிறது. பொதுவான மன்னிப்பு வேண்டுகோள் யாரையும் சேர்வதில்லை. உண்மையிலேயே ஒருவரிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தால் அவர் மேசைக்குப் போய் உட்கார்ந்து சொல்வதுதான் மரியாதை. நாற்பது பேரோடு சேர்த்து அவருக்கும் ஒரு வரி அனுப்புவது தப்பித்துக்கொள்ளும் வழியாகவே தோன்றும்.

குறை சொல்லும் வரிகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். நேரடியாகத் திட்டி யாரும் எழுதுவதில்லை. ‘எத்தனையோ சோதனைகளுக்கு இடையிலும்’, ‘சிலர் புரிந்துகொள்ளாவிட்டாலும்’ என்ற வடிவில்தான் அவை நுழைகின்றன. எழுதுபவருக்கு மனத்தில் ஒருவர்தான் இருப்பார். படிப்பவர்களில் ஐந்து பேர் அது தன்னைத்தான் என்று நினைப்பார்கள். மின்னஞ்சல் ஒரே நொடியில் வேறொருவருக்கு அனுப்பப்படக்கூடியது என்பதும், பணப்பலன்களுக்கான கோப்புகளில் அலுவலகத்தின் கையெழுத்து இன்னும் தேவைப்படலாம் என்பதும் வேறு. குறை உண்மையானதாக இருந்தால் அது உரிய அலுவலருக்குத் தனிக் கடிதமாகப் போக வேண்டும். எழுதி முடித்த மடலை ஓர் இரவு அப்படியே வைத்துவிட்டு, காலையில் ‘சிலர்’, ‘எத்தனையோ’, ‘இருந்தாலும்’ ஆகிய சொற்களை மட்டும் தேடிப் பார்த்தால் இத்தகைய வரிகள் தாமாகவே அகப்படும்.

இவை எல்லாம் போன பிறகு அந்த ஆசிரியையின் மடல் இப்படி நிற்கலாம்:

பொருள்: பணி நிறைவு, நன்றி – வேதியியல் ஆசிரியை (பெயர்)

அன்புள்ள ஆசிரியர்களுக்கும் அலுவலக நண்பர்களுக்கும்,

வணக்கம். மே 31-ஆம் தேதியோடு நம் பள்ளியிலிருந்து விடைபெறுகிறேன். அன்று விடுமுறை என்பதால், எல்லோரும் இருக்கும்போதே எழுதுகிறேன்.

1996 ஜூனில் ஆய்வகச் சாவியை வாங்கியபோது அங்கே தண்ணீர்க் குழாய் கிடையாது. வாளியில் கொண்டுவந்துதான் செய்முறை நடத்தினோம். இன்று எல்லா மேசையிலும் குழாய் இருக்கிறது. அதற்காக மூன்று ஆண்டுகள் விடாமல் மனு எழுதியவருக்கும், அதுவரை முகம் சுளிக்காமல் வாளி சுமந்தவருக்கும் என் நன்றி.

என் அம்மா மருத்துவமனையில் இருந்த நாட்களில், நான் கேட்பதற்கு முன்பே என் வகுப்புகளைப் பிரித்து எடுத்துக்கொண்டீர்கள். அதை நான் சரியாகச் சொல்லி நன்றி தெரிவித்ததில்லை. இப்போது தெரிவிக்கிறேன்.

இருப்புப் பதிவேட்டையும் சாவிகளையும் ஒப்படைத்துவிட்டேன். செய்முறைக் குறிப்பேடுகள் பச்சை அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இதே ஊரில்தான் இருப்பேன். இந்த மின்னஞ்சலும் என் கைபேசி எண்ணும் மாறாது. கடைவீதிப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள்.

அன்புடன்,
(பெயர்)

மடலின் வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், உணர்ச்சியைச் சொல்லும் சொல் ‘அன்பு’, ‘நன்றி’ தவிர அதில் எதுவும் இல்லை. கண்ணீர் இல்லை, கனத்த இதயம் இல்லை. இருப்பவை ஒரு வாளியும் ஒரு மருத்துவமனையும்தான். அந்தப் பள்ளியில் மட்டுமே நடந்திருக்கக்கூடிய ஒரு சிறு சம்பவம், எந்தப் பள்ளிக்கும் பொருந்தும் பத்து உருக்கமான வாக்கியங்களைவிட அதிக வேலை செய்கிறது. நினைவுகூரும் சம்பவம் ஒன்று போதும். இரண்டாவதைச் சேர்த்தால் மூன்றாவது தன்னையும் சேர்க்கச் சொல்லும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு: அந்தச் சம்பவத்தில் எழுதுபவரைவிட மற்றவர்கள் நன்றாகத் தெரிய வேண்டும். குழாய்க் கதையில் ஆசிரியை வெறுமனே சாவியை வாங்கியவர்; மனு எழுதியதும் வாளி சுமந்ததும் மற்றவர்கள்.

பெயர் குறிப்பிடாமல் நன்றி சொல்லியிருப்பதையும் கவனிக்கலாம். விடைபெறும் மடல்களில் மனவருத்தம் உண்டாக்குவது பெரும்பாலும் நன்றிப் பட்டியல்தான். நாற்பது பேரில் ஏழு பேரைக் குறிப்பிட்டால் மற்ற 33 பேரும் பட்டியலை இரண்டாம் முறை படிப்பார்கள். எல்லோரையும் குறிப்பிட்டாலோ அது வருகைப் பதிவேடாகிவிடும். அப்போதும் யாரை முதலில் வைப்பது என்ற வழக்கு மிஞ்சும். செயலைச் சொல்லி ஆளைச் சொல்லாமல் விட்டால் இந்தத் தொல்லை இல்லை. மனு எழுதியவர் யார் என்பது பழையவர்களுக்குத் தெரியும். புதியவர்கள் விசாரித்துத் தெரிந்துகொள்வார்கள். அந்த விசாரிப்பே நன்றி பெறுபவருக்கு இன்னொரு சிறப்பு. ஓரிருவருக்குப் பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்றால் அவர்களுக்குத் தனித்தனியே எழுதலாம். அந்தத் தனி மடல்கள் எவ்வளவு நீளமாக இருந்தாலும் யாருக்கும் வருத்தமில்லை.

ஒப்படைப்பு பற்றிய வரி சிலருக்கு இடம் பொருந்தாததாகத் தோன்றலாம். ஆய்வகப் பொறுப்பு ஒப்படைப்பு முறையாக வேறிடத்தில் நடக்கிறது. கண்ணாடிக் கருவிகள், அமிலங்கள், தராசுகள் எல்லாம் இருப்புப் பதிவேட்டோடு சரிபார்க்கப்பட்டு, பொறுப்பேற்பவர் கையெழுத்திட்ட பிறகே முடியும். அந்த விவரங்களுக்கு இந்த மடலில் வேலையில்லை. ஆனால் பதிவேட்டில் ஏறாத பொருள்கள் ஒவ்வோர் ஆசிரியரிடமும் உண்டு. சொந்தமாக எழுதி வைத்த செய்முறைக் குறிப்புகள், பழைய வினாத்தாள் தொகுப்புகள், மாதிரி வடிவங்கள் ஆகியவற்றை அவர் போன பிறகு யாருடையது என்று தெரியாமல் ஒரு நாள் பழைய காகிதக்காரருக்குப் போட்டுவிடுவார்கள். எங்கே இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி எழுதிவிட்டால் அவை பிழைக்கும்.

முகவரி வரியில் ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. தனியார் பள்ளிகளில் ஆசிரியர்களுக்குப் பள்ளியின் பெயரிலேயே மின்னஞ்சல் கணக்கு தருகிறார்கள். பணியிலிருந்து விலகியதும் அந்தக் கணக்கு மூடப்படும். அதிலிருந்து மடல் அனுப்பி ‘இந்த முகவரியில் தொடர்பு கொள்ளலாம்’ என்று எழுதினால், ஜூன் மாதத்தில் எழுதுபவர்களின் மடல் திரும்பி வரும். எனவே சொந்த முகவரியை மடலின் உள்ளே எழுத வேண்டும். அந்தக் கணக்கில் உள்ள படங்களையும் பாடக் குறிப்புகளையும், மூடப்படுவதற்கு முன் பள்ளியின் அனுமதியோடு எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

பொருள் வரியில் கவித்துவம் வேண்டாம். கைபேசியில் முதல் நான்கைந்து சொற்கள்தான் தெரியும். ‘நினைவலைகள்’ என்றோ ‘ஒரு பறவையின் பயணம்’ என்றோ எழுதினால் அது யாரோ அனுப்பிய வாழ்த்துச் செய்தி என்று நினைத்துத் திறக்காமல் விட்டுவிடுவார்கள். பணி நிறைவு என்ற சொல்லும் அனுப்புபவரின் பெயரும் இருந்தால், இரண்டு ஆண்டு கழித்து மகள் திருமணப் பத்திரிகை அனுப்ப எண் தேடும் ஒருவருக்கும் மடல் கிடைக்கும்.

தட்டச்சில் ஒரு பழைய பொறி இருக்கிறது. வினாத்தாள்களைப் பல ஆண்டுகள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்துப் பழகியவர்கள், மடலையும் அதே கோப்பில் அடித்து மின்னஞ்சலில் ஒட்டிவிடுகிறார்கள். அவர்கள் கணினியில் தமிழாகத் தெரிவது மற்றவர் கைபேசியில் அப்படித் தெரியாது. பாமினியில் அடித்த ‘வணக்கம்’ என்ற சொல் `tzf;fk;` என்று போய் நிற்கும். அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியவை என்பதே காரணம். எழுத்துரு இல்லாத இடத்தில் போர்வை விலகிவிடுகிறது. தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. கைபேசியின் தமிழ் விசைப்பலகை எல்லாம் ஒருங்குறிதான். ஆகவே மடலைக் கைபேசியிலேயே அடிப்பது எளிது. ஏற்கெனவே பழைய எழுத்துருவில் அடித்துவிட்டால் எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு மாற்றிக்கொள்ளலாம். எப்படியும் முதலில் தனக்கே ஒரு முறை அனுப்பி, கைபேசியில் திறந்து பார்த்துவிட வேண்டும்.

நாற்பது முகவரிகளை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதிலும் விளைவு மாறும். எல்லாவற்றையும் `To` கட்டத்தில் போட்டால், யாராவது ஒருவர் `Reply all` அழுத்தி ‘வாழ்த்துகள் மேடம்’ என்று அனுப்ப, அது நாற்பது பேருக்கும் போகும். பார்த்தவர்கள் தாங்களும் அனுப்பாவிட்டால் நன்றாக இருக்காதே என்று அனுப்புவார்கள். மாலைக்குள் எல்லோர் பெட்டியிலும் முப்பது வாழ்த்துகள் குவிந்து, மூல மடல் அடியில் போய்விடும். `To` கட்டத்தில் தன் முகவரியையும் `Bcc` கட்டத்தில் மற்ற அனைவரின் முகவரிகளையும் போட்டால், எந்தப் பதிலும் அனுப்பியவருக்கு மட்டுமே வரும். பிறர் பார்க்கவில்லை என்று தெரிந்தால் பதில் எழுதுபவரும் வாழ்த்துகளோடு நிறுத்தாமல் மனம் விட்டு நாலு வரி எழுதுவார். இதில் ஒரு குறை, இப்படிப் போகும் மடல் சிலருக்கு `Spam` பெட்டியில் விழலாம். மடல் அனுப்பியிருப்பதாக ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டுவிட்டால் தேடி எடுத்துக்கொள்வார்கள்.

முகவரி எழுதும்போது முதல் இரண்டு எழுத்தை அடித்ததும் திரை ஒரு பெயரை நீட்டும். அதே பெயருள்ள பெற்றோராகவோ பழைய மாணவராகவோ அவர் இருக்கக்கூடும். ஜிமெயிலில் அனுப்பிய பிறகு `Undo` என்ற சொல் 5 நொடிகள் திரையில் இருக்கும். கணினியில் அமைப்புகளுக்குள் போய் அதை 30 நொடிகளாக நீட்டி வைத்துக்கொள்ளலாம். தவறான முகவரியாக இருந்தால் சில நிமிடங்களில் `Mail Delivery Subsystem` என்ற பெயரில் ஒரு மடல் திரும்பி வரும். அதை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடுபவர்கள் உண்டு. அதைத் திறந்து பார்த்தால் யாருக்குப் போய்ச் சேரவில்லை என்பது தெரியும்.

மின்னஞ்சல் பார்க்காதவர்களும் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். துப்புரவுப் பணியாளர், காவலாளி, சில சமயம் ஆய்வக உதவியாளர். மேலே கண்ட மடலில் வாளி சுமந்தவரே அவர்களில் ஒருவராக இருக்கக்கூடும். ஒரு தாளில் அச்செடுத்து ஆசிரியர் ஓய்வறைப் பலகையில் ஒட்டுவது பாதி வழி. அவருக்கு நன்றி எழுதியிருப்பதை அவரிடமே நேரில் போய்ச் சொல்வதுதான் முழு வழி. இதை மடல் அனுப்புவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். தனக்கு நன்றி சொல்லப்பட்டதை மூன்றாம் மனிதர் வாயால் அவர் கேட்கும்படி விடக் கூடாது.

பதில்கள் இரண்டு மூன்று நாட்களில் வந்து முடிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி மறுபதில் போதும். எல்லோருக்கும் சேர்த்து ‘உங்கள் அன்பில் நெகிழ்ந்தேன்’ என்று இரண்டாவது பொதுமடல் அனுப்பும் ஆசை பலருக்கு வருகிறது. அதை அனுப்பாமல் இருப்பதே நல்லது. விடைபெற்றவர் மறுபடியும் வாசலில் நிற்பதைப் போலாகிவிடும்.